எல்லாருக்கும் பொருந்திய முகம்

கொடைக்கானல் ஏழுரோடு முக்கில் கட்டியிருந்த பிளெக்ஸைப் பார்த்தபோது, ஏதோ புது நகைக்கடை திறக்கப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு சூசைமாணிக்கம் டீயைக் குடித்து முடித்துவிட்டார். படத்தில் இருந்த ஆள் அப்படி இருந்தான். துடைத்து வைத்த மாம்பழம் மாதிரி கன்னம். கோலிக்குண்டு கண். அதற்கு மேலே, நெற்றியில் பாதி தூரம் ஏறிப்போய் நிற்கிற ரெண்டு வில் புருவம். கீழே எலுமிச்சங்காயின் காம்பு மாதிரிக் கூர்ந்த மோவாய். கிளாஸைத் திருப்பி வைக்கப் போனபோதுதான் மேலே 'காணவில்லை' என்று போட்டிருப்பதையும், கீழே 'நாச்சிமுத்து, வயது 54, பேத்துப்பாறை' என்று போட்டிருப்பதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். மறுபடி எழுத்தைப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே ஏணியில் சோறு தின்றவர்கள் இருவரும். சூசைமாணிக்கம் மேலே நின்று பெயின்ட் அடிப்பார். நாச்சிமுத்து கீழே நின்று ஏணியைப் பிடிப்பான், பழைய பெயின்டைச் சுரண்டுவான், பட்டி பார்ப்பான். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் அவனை ஏறவிடுவதில்லை. சின்ன வயசிலிருந்தே வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. ஒரு நாள் விட்டால் மறுநாள் எங்கேயாவது விழுந்து கிடப்பான். அடுப்படியா, கிணற்றடியா, மலைரோட்டு வளைவா என்று வலிப்பு பார்த்து வருவதில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே 'சோலிக்குப் போறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவன் சோலிக்கு வரவில்லை. காய்ச்சலாயிருக்கும் என்று சூசைமாணிக்கம் இருந்துவிட்டார். அன்று ராத்திரி வீட்டுக்கும் வரவில்லை. சூசைமாணிக்கத்தோடு வெளியூர் வேலைக்குப் போயிருப்பான் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். செவ்வாய் சாயங்காலம்தான் ரெண்டு பக்கமும் பேசிப் பார்த்தார்கள். மாத்திரை அட்டை அலமாரியிலேயே இருந்தது. கந்தம்மாள் அதை எடுத்து வந்து போலீஸ் ஸ்டேஷனில் காட்டினாள். ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள்.

இன்றைக்கு வியாழன்.

சூசைமாணிக்கம் நேரே பிளெக்ஸ் கடைக்கு நடந்தார். கடை வைத்திருப்பவன் அருள்பிரகாஷ். கொடைக்கானலில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குள் கறுப்பாகப் போகிறவன் வெளியே சிவப்பாக வருவான், கிழவன் கொழுந்தியா கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளையாக வருவான். செத்தவனைக்கூட அவன் விட்டதில்லை. போன மாதம் எண்பத்தெட்டு வயசில் போய்ச் சேர்ந்த ஒரு கிழவியின் அஞ்சலி பேனரைப் பார்த்துவிட்டு, வயசுப் பெண் போயிட்டாளே என்று டூரிஸ்ட்காரர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

கடையில் ஏற்கனவே நாச்சிமுத்துவின் பெண்டாட்டி கந்தம்மாளும் மகள் தாரணியும் உட்கார்ந்திருந்தார்கள். தாரணி கையில் போன். நேற்றிலிருந்து வந்த அழைப்பையெல்லாம் அவள்தான் எடுக்கிறாள்.

"ஒண்ணும் தகவல் இல்லையா தாயி?"

"வருது மாமா, நெறைய வருது" என்றாள் தாரணி. குரல் கரகரத்துக் கிடந்தது. "பூம்பாறையில ஒரு ஆளப் புடிச்சு வச்சிட்டோம்னாங்க, போய்ப் பாத்தா பேங்க் மேனேஜரு. பெருமாள்மலையிலருந்து ஒருத்தர் போட்டோ அனுப்பினாரு, காலேஜ் படிக்கிற பையன். திண்டுக்கல்லுல ஒரு அம்மா, அது எங்க வீட்டுக்காரரு, எட்டு மணிக்குத்தான் கடைக்குப் போனாரு, அதுக்குள்ள ஏன் பேனர் வச்சீங்கன்னு சண்டைக்கு வருது."

ஏழு பேர். ஏழு இடத்தில் ஏழு பேரை அந்தப் படம் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அது பொருந்தியிருக்கிறது, நாச்சிமுத்து ஒருத்தனைத் தவிர.

"இது யாரு தம்பி?" சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டி அருள்பிரகாஷைக் கேட்டார்.

"என்னண்ணே கேள்வி? நாச்சிமுத்து அண்ணன்தான்."

"நீ அவனப் பாத்திருக்கியா?"

"பாக்காம? கல்யாணப் பத்திரிகைக்கு நான்தான வரைஞ்சேன். அதுல இருந்ததத்தான் கட் பண்ணிப் பெருசாக்கிக் குடுத்தேன்."

ரெண்டு மாதத்துக்கு முன் நடந்த தாரணியின் கல்யாணத்துக்கு அருள்பிரகாஷ் பத்திரிகை அடித்திருந்தான். பேங்க்கில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஞானவேல், பெண், ரெண்டு பக்கத்து அப்பா அம்மா, ஆக ஆறு பேரையும் பொம்மைப் படமாக வரைந்து நடுவில் ஒரு ஏரியையும் படகையும் போட்டிருந்தான். ஊரே மெச்சியது. நாச்சிமுத்து போட்டோவுக்கு நிற்பதே இல்லை. கேமரா பளீரென்று வெட்டினால் வலிப்பு வந்துவிடும் என்று அவனுக்குப் பயம். கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அவன் முதுகும் முழங்கையும்தான் கிடைக்கும். தாரணி தன் போனில் வெயிலில் நிறுத்தி எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துத்தான் பத்திரிகைக்கு வரைந்தது. அந்தப் பழைய போனை மாற்றியாயிற்று. கடையிலும் அழித்தாயிற்று. ஆதார் கார்டு அவன் சட்டைப் பையோடு போய்விட்டது. வீட்டில் இருந்த ஆதார் ஜெராக்ஸில் நாச்சிமுத்து ஒரு கரிக்கட்டை.

ஆகவே உலகத்தில் நாச்சிமுத்து என்று மிஞ்சியது இந்தப் பொம்மைதான்.

"ஒரிஜினல் போட்டோவப் பாத்துத்தான வரைஞ்ச? பெறகு ஏன் இப்படி வந்துச்சு?"

"ஸ்டைல் அண்ணே. கிளீன் லைன். கண்ணப் பெருசு பண்ணாத்தான் எக்ஸ்பிரஷன் நிக்கும். தாடைய ஷேப் பண்ணாத்தான் ஸ்மார்ட்டா இருக்கும். எல்லாருக்கும் ஒரே ஸ்டைல்ல பண்றதுதான் டிசைன். மீசை, ஹேர், தோள்ல துண்டு, எல்லாம் அவரோடதுதான, அப்படியேதான வச்சிருக்கேன்?"

மீசையும் துண்டும். மலைமேல் இருக்கிற பாதி ஆம்பளைக்கு மீசையும் துண்டும்தான் சொத்து.

"அந்தப் பத்திரிகை இருந்தா எடு."

ஒன்று கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்தது. பெருமையாக எடுத்துக் கொடுத்தான். சூசைமாணிக்கம் அதை மேசைமேல் வைத்து, அப்பாமார் ரெண்டு பேருக்கும் தலைமுடியை ஒரு தாளால் மறைத்தார். மீசைக்கு ரெண்டு கட்டைவிரல். கழுத்துக்குக் கீழே இன்னொரு தாள். புருவம், கண், மூக்கு, தாடை மட்டும் தெரிந்தன.

"தாயி, இங்க வா. இதுல உங்கப்பன் யாரு?"

"என்ன மாமா, வெளையாட்டா?"

"சொல்லு."

தாரணி குனிந்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். பெற்ற அப்பனைக் கண்டுபிடிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது அங்கிருந்த எல்லாருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கடைசியில் இடது பக்கத்தைத் தொட்டாள்.

கட்டைவிரலை எடுத்தார். அது அவள் மாமனார்.

கந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அருள்பிரகாஷ், "கைய வச்சு மறைச்சா எப்படித் தெரியும்?" என்றான்.

"தெரியணும்லே. அதுக்குப் பேருதான் மூஞ்சி. முடியும் துணியும் கடையில கெடைக்கும்" என்றார் சூசைமாணிக்கம். "ஒரு வேஸ்ட் பிளெக்ஸ் குடு. பின்பக்கம் வெள்ளையா இருக்கணும்."

அவர் ஒன்றும் ஓவியர் இல்லை. சுவர் பெயின்டர். ஆனால் தேர்தல் வந்தால் கட்டம் போட்டு மூஞ்சியும் வரைவார். அதில் ஒரு தடவை பட்டிருக்கிறார். வார்டு தேர்தலில் நின்ற ஒருத்தன் மூஞ்சியை ஆள் உயரத்துக்கு வரைந்தார். கண்ணுக்கு மட்டும் ஒரு நாள் உட்கார்ந்தார். இமைமுடிகூட ஒன்றொன்றாய் இழுத்தார். புருவத்தைப் போகிறபோக்கில் ரெண்டு கோடு போட்டுவிட்டார். மறுநாள் ரோட்டில் நின்று பார்த்தவனெல்லாம் 'யாருய்யா இது' என்றான். வேட்பாளரின் ஆட்கள் அவரை வைத்தே சுண்ணாம்பு அடித்து அழிக்கச் சொன்னார்கள். அழிப்பதற்கு முன்னால் எதிர்ச்சாரியில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இருபது முப்பது அடி தள்ளிப் போனால் கண் ஒரு புள்ளி. இமைமுடி எவனுக்கும் தெரியாது. தெரிவதெல்லாம் அந்தப் புள்ளிக்கு மேலே கறுப்பாய் நிற்கிற புருவக் கட்டை, அது கண்ணிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அப்புறம் முகத்தின் ஓரம். கண் சிரிக்கும், அழும், மூடும், திறக்கும். புருவத்தின் கட்டும் தாடை எலும்பும் இருந்த இடத்தில் இருக்கும்.

பிளெக்ஸின் முதுகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். கறுப்பு எனாமல் ஒரு டப்பா, ஒரு இன்ச் பிரஷ். முதலில் கண்ணை வரைந்தார். சின்னக் கண், இடுங்கிய கண். மூக்கு போட்டார். மீசை போட்டார். தாரணியைப் பார்த்தார்.

"இல்ல மாமா. யாரோ மாதிரி இருக்கு."

"இன்னும் புருவம் போடல. பொறு."

ஏணியின் உச்சியிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக அவர் குனிந்து பார்த்த மூஞ்சி அது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது முறைக்கிற மாதிரித்தான் இருக்கும். நாச்சிமுத்துவுக்குப் புருவம் வளைவதே இல்லை. நேர்க் கட்டை. கண்ணுக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாது, குடிசைக்கு இறக்கிய கூரை மாதிரி கண்மேலே உட்கார்ந்திருக்கும். வெளிமுனை மட்டும் சடாரென்று மேலே ஏறும். அருள்பிரகாஷ் கண்ணைக் கோலிக்குண்டு ஆக்கியதால் அந்தப் புருவத்துக்கு இடமில்லாமல் போய், நெற்றிக்குத் துரத்தியிருக்கிறான். துரத்தியதை வளைத்தும் வைத்திருக்கிறான். எப்போதும் கோபமாய் இருக்கிற மாதிரித் தெரிகிற ஆள், அங்கே எதையோ கண்டு அசந்துபோய் நிற்கிறான்.

பிரஷை அகலப் பக்கமாகத் திருப்பி, கண்ணோடு ஒட்டி இடது புருவத்தை ஒரே இழுப்பாக இழுத்தார். வலது புருவம்.

"அண்ணே..." என்றாள் கந்தம்மாள். முந்தானை வாய்க்குப் போய்விட்டது.

அப்புறம் தாடை. காதுக்குக் கீழே இறங்கி, முக்காலியின் மூலை மாதிரி ஒரு திருப்பம். அங்கிருந்து குட்டையான, தட்டையான மோவாய். நிஜத்தில் இருப்பதைவிட ஒரு விரற்கடை கூடவே அகலமாக இழுத்தார். வேண்டுமென்றுதான். எது அவனிடம் மற்றவனைவிட அதிகமோ அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் ஆள் இன்னும் தெரிவான், குறைத்தால் எல்லாரோடும் கலந்துபோவான். சந்தையில் சேர்த்துக் கட்டிய கீரை மாதிரி.

எல்லாரையும் ரோட்டுக்கு எதிர்ச்சாரிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். "கண்ண இடுக்கிப் பாருங்க" என்றார்.

நாச்சிமுத்து கடைக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டிருந்தான்.

தாரணி பார்த்தாள். முகம் கோணியது. "அப்பாதான். ஆனா இவ்வளவு அசிங்கமாவா மாமா? எங்க மாமனார் வீட்ல, இவரு பேங்க்காரங்க எல்லாம் பாப்பாங்க. தாடையக் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்ல?"

சூசைமாணிக்கத்துக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்ப வேண்டிய எச்சில். விழுங்கிக்கொண்டார்.

"மாத்திரை போட்டு நாலு நாளாச்சு தாயி. உங்கப்பனுக்கு வரன் பாக்கவா போறோம்?"

"அவ சின்னப் புள்ள, விடுங்கண்ணே" என்றாள் கந்தம்மாள். இருபத்தாறு வயசுச் சின்னப் புள்ள.

அருள்பிரகாஷுக்கு மனசு பொறுக்கவில்லை. "அண்ணே, உங்க படத்துலயும் ஒண்ணும் இல்ல. மீசையும் முடியும் இருக்கப் போயி தெரியுது. அத எடுத்தா உங்களதும் போச்சு."

"எடுத்துருவோம்" என்று சொல்லிக் கடைக்குத் திரும்பி, ஒரு தாளை எடுத்துப் படத்தின் தலைமுடியை மறைத்தார். உள்ளங்கையால் மீசையை மறைத்தார்.

நாச்சிமுத்து அப்போதும் முறைத்தான். முடி இல்லாமல், மீசை இல்லாமல், மொட்டையாக.

கந்தம்மாள் அந்தப் படத்தையே பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள். "ஏட்டி," என்றாள் மெதுவாக, "உங்கப்பா பழனிக்கு மொட்டை வேண்டியிருந்தாருல்ல. உன் கல்யாணம் நல்லபடியா முடியணும்னு."

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டுதலை நிறைவேற்ற அவன் கிளம்பியபோதெல்லாம் தடுத்தது அவள்தான். மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு விருந்து பாக்கி இருந்தது. அது முடியும்வரை மொட்டைத் தலையோடு வந்து நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். சொல்லாமல் போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறான் மனுஷன். ஒரு நாள் வேலைதானே என்று மாத்திரையை எடுக்கவில்லை.

"ஆனா பழனியிலயும் பாத்தாச்சே மாமா. எங்க வீட்டுக்காரரு பிரண்டுங்க நேத்து முழுக்கத் தேடினாங்க. பஸ் ஸ்டாண்டு, அடிவாரம் எல்லாம் நோட்டீஸும் ஒட்டி, பிளெக்ஸும் கட்டினாங்களே."

"எந்தப் படத்தக் கையில வச்சுட்டுத் தேடினாங்க?"

தாரணி சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தாள். முடியும் மீசையும் வைத்த பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் மொட்டைகளுக்கு நடுவே தேடியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் நாச்சிமுத்து என்று இருந்ததே ஒரு மயிர்தான். அதையும் முருகனுக்குக் கொடுத்துவிட்டான்.

சூசைமாணிக்கம் இன்னொரு வெள்ளைத் தாளில் மறுபடி வரைந்தார். இந்தத் தடவை மொட்டை. மீசை இல்லை. புருவம், சின்னக் கண், தாடை. அருள்பிரகாஷ் அதை ஸ்கேன் பண்ண வாங்கினான். "லேசா கிளீன் பண்ணித் தர்றேண்ணே, லைன் எல்லாம் ரஃப்பா இருக்கு" என்று மவுஸை எடுத்தான்.

"அந்த எலி மேல கைய வச்சீனா, ஏணிய எடுத்துட்டு வந்து உன் போர்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருவேன். அப்படியே ஜெராக்ஸ் போடுலே."

இருபது ஜெராக்ஸ். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் சூசைமாணிக்கம் மட்டும் பழனிக்கு மலை இறங்கினார். தாரணியும் ஞானவேலும் காரில் வருவதாகச் சொன்னார்கள். கார் எட்டு மணிக்கு மேல்தான் எழுந்திருக்குமாம். மலைரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனார். கிருஷ்ணரையோ இயேசுவையோ கூப்பிடத் தோன்றவில்லை. 'கிறுக்குப்பயலே' என்றுதான் வாயில் வந்தது.

பழனியில் நேராக முடிக்கொட்டகைக்குப் போனார். அங்கே வேலைபார்க்கிற ராஜமுருகன் என்பவர் அப்போதுதான் கத்தியில் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எத்தனையோ தலை பார்க்கிறவர். இருந்தாலும் தாளை வாங்கி ஒரு தடவைதான் பார்த்தார்.

"இந்த ஆளா? திங்கக்கெழம. நான்தான் எடுத்தேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"என்னத்த நல்லாப் பாக்க? மீசைய எடுக்கைல இந்தத் தாடை மூலையில கத்தி திரும்பவே இல்ல. என்னய்யா கதவு நெலை மாதிரி வச்சிருக்கீருன்னு கேட்டேன். இந்தப் புருவத்த வச்சுகிட்டு மொறைச்சாரு, கோவிச்சுகிட்டாரோன்னு பயந்துட்டேன். சிரிச்சாரு. அப்பத்தான் தெரிஞ்சது, மொறைக்கல, மொகமே அதுதான்னு." அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "முடிய எடுத்துட்டா ஊர்ல முக்காவாசிப் பேரு ஒண்ணுபோலத்தான் தெரிவான். எங்களுக்குப் புருவமும் தாடையும்தான் அடையாளம். ஆமா, ஒரு விஷயம். சட்டையக் கழட்டி வச்சுட்டுக் குளிக்கப் போனாரு. வந்து பாத்தா சட்டை இல்ல. எவனோ பையில இருந்த காசோட தூக்கிட்டான். வெறும் மேலோட குதிரவண்டி நிக்கிற பக்கமா நடந்து போனாரு."

"இங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களே, அதப் பாக்கலையா?"

"எது, அந்த மாப்பிள்ளப் படமா? பாத்தேன். அது வேற யாரோல்ல?"

சூசைமாணிக்கம் ஓடினார். ஐம்பத்தேழு வயசில், பெயின்ட் வாடை அரித்துப்போன நெஞ்சோடு, அடிவாரத்துக் கூட்டத்துக்குள் முட்டிக்கொண்டு ஓடினார்.

குதிரைவண்டிகள் நிற்கிற இடத்தில் செந்தில்வேல் என்ற வண்டிக்காரன் குதிரைக்குக் கொள்ளு காட்டிக்கொண்டிருந்தான். தாளைக் காட்டியதும், "அட, நம்ம மொட்டைப் பெருசு" என்று கையை நீட்டினான்.

ரெண்டு வண்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்து, மேலே ஒரு பிளெக்ஸைக் கூரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்குள் நாச்சிமுத்து கிடந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. நெற்றியோரம் புதுக் காயம். உதடு வீங்கியிருந்தது.

"தண்ணியடிச்சுட்டுக் கெடக்காருன்னுதான் மொதல்ல நெனச்சோம்" என்றான் செந்தில்வேல். "செவ்வாக்கெழம இங்கதான் விழுந்தாரு, கையும் காலும் இழுத்துச்சு. நேத்து ஒருக்கா. இன்னைக்கு விடியக்காலம் ஒருக்கா, வண்டிச் சக்கரத்துல தலை மோதிருச்சு. நாக்கக் கடிச்சுகிட்டாரு, பேச்சு வெளங்கல. பேரு கேட்டா 'முருகா முருகா'ங்குறாரு. கஞ்சி ஊத்தினோம். இன்னைக்கு ஆஸ்பத்திரியில சேத்துருவோம்னுதான் இந்தச் சவாரி முடியட்டும்னு இருந்தேன்."

சூசைமாணிக்கம் கூரையைப் பார்த்தார். உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தது. மாம்பழக் கன்னமும் வில் புருவமுமாக அந்தப் பொம்மை, கீழே கிடந்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. 'காணவில்லை'யில் பாதி, கயிறு கட்டிய மடிப்புக்குள் போயிருந்தது.

"இது எங்க கெடைச்சுது?"

"அந்தா, அந்தக் கம்பத்துல தொங்குச்சு. முந்தாநேத்து ராத்திரி மழை தூறுச்சு, அவுத்துக் கட்டினோம். பெருசுகிட்டயே கேட்டேன், இந்தாள எங்கயாச்சும் பாத்தியான்னு. ரொம்ப நேரம் பாத்துட்டு, 'யாரோ பெரிய எடத்துப் புள்ள, பாவம்'னு கொழறினாரு."

அதே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, டாக்டரம்மா அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். வலிப்பு அடுத்தடுத்து வந்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நிற்காமல் வந்திருக்கும், அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூசைமாணிக்கம் வராண்டாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பீடி தேடினார். இல்லை.

பதினோரு மணிக்குத்தான் கார் வந்தது. கந்தம்மாள் ஓடிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாரணியும் அழுதாள், நிஜமாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். அருள்பிரகாஷ் அதற்குள் செய்தி போட்டிருந்தான். பொம்மைப் படம், அதன்மேல் குறுக்கே சிவப்பில் 'கிடைத்துவிட்டார்', கீழே 'நமது டிசைன் மூலம் தேடப்பட்டவர் மீட்பு' என்று கடையின் பேரும் போன் நம்பரும். நூற்றுப்பத்துப் பேர் கை கூப்பியிருந்தார்கள்.

"மாமா, உங்க பேர அவன் போடல" என்றாள் தாரணி, கொஞ்சம் கூச்சத்தோடு. "நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் தாயி. அந்தப் படத்துக்குக் கீழ என் பேர் வந்தா வெளியில தலைகாட்ட முடியாது."

சாயங்காலம் நாச்சிமுத்துவுக்குத் தெளிவு வந்தது. நாக்கு இன்னும் தடித்துத்தான் இருந்தது. சூசைமாணிக்கத்தைப் பார்த்ததும் புருவக் கட்டை ரெண்டும் ஒரு நூல் மேலே ஏறியது. அது அவன் சிரிப்பு.

"என்னலே, ஏணிய யாரு புடிச்சா?"

"எமன் புடிச்சான். படு பேசாம."

தாரணி கட்டிலோரம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். ஏழு பேர் போன் பண்ணியது, பேங்க் மேனேஜரைப் பிடித்து வைத்தது எல்லாம். போனில் ரெண்டு படத்தையும் காட்டினாள். முதலில் சூசைமாணிக்கம் வரைந்த மொட்டைப் படம். நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டுத் தன் தாடையைத் தடவினான்.

"ஏலே சூசை. நான் இப்படியா இருக்கேன்?"

"ஆமா."

"தாடை இவ்வளவா?"

"ஒரு வெரல் கூட்டிப் போட்டேன். மிச்சமெல்லாம் உன்னோடதுதான்."

"செத்தவன் மாதிரி இருக்கேனேடா."

அடுத்த படத்தைத் தள்ளினாள் தாரணி. பொம்மை வந்தது. ரெண்டு ராத்திரி தலைக்குமேல் கட்டியிருந்த அதே பொம்மை. நாச்சிமுத்து கண்ணை இடுக்கினான்.

"இது யாரு?"

"நீங்கதான்ப்பா."

"நானா?" போனைக் கையில் வாங்கினான். கிட்டே வைத்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான். வீங்கிய உதடு விரிந்தது. "நல்லா இருக்கனே! களையா இருக்கனே தாயி! முன்னயே சொல்லியிருக்கலாம்ல?" சூசைமாணிக்கத்தின் பக்கம் திரும்பினான். "ஏலே, அந்த வண்டிக்காரன் மேல கட்டியிருந்தானே, அந்தப் பெரிய படம். அவன் கிழிச்சுப் போடுறதுக்குள்ள வெரசா போய் வாங்கிட்டு வந்துரு. வீட்டுல, வாசலுக்கு நேரா மாட்டணும்."

"அதுல 'காணவில்லை'ன்னு போட்டிருக்கும்லே."

"அத மட்டும் நீ வெள்ளையடிச்சுரு. உனக்கு அதானே சோலி."

கந்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. தாரணி அப்பாவின் மொட்டைத் தலையோடு சேர்ந்து படம் எடுக்கப் போனைத் தூக்கினாள். போன் தானாகவே அவன் தாடையைச் செதுக்கி, புருவத்தை வளைத்து, கன்னத்தில் மாம்பழம் வைத்தது.

சூசைமாணிக்கம் எழுந்து வெளியே வந்தார். வாசற்படியில் நின்று, நேற்றிலிருந்து விழுங்கி வைத்திருந்ததை ரோட்டோரச் சாக்கடையில் ஒரு துப்புத் துப்பினார். பிறகு வண்டி ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். இருட்டுவதற்குள் போகாவிட்டால் செந்தில்வேல் அதைக் குதிரைக்குப் போர்த்திவிடுவான்.